‘ஒரு சிறு குறிப்பு போதும்’ என்று எழுதியவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூரியர் வேலைநிறுத்தம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, வீட்டிலிருந்து தொழில் செய்வோர் “வாடிக்கையாளர்களுக்கு ஒரு சிறு குறிப்பு அனுப்பிவிட்டால் போதும்” என்று எங்களை ஒரே வரியில் முடித்து வைத்திருக்கிறது. அந்த வரியை எழுதியவர் அப்படியொரு குறிப்பை எப்போதாவது அனுப்பி, மறுநாள் தொலைபேசியை எடுத்துப் பேசியிருப்பாரா என்பதுதான் என் ஐயம்.

நான் வீட்டில் சோப்பு செய்து அனுப்புகிறவள். முந்தைய வேலைநிறுத்தத்தின்போது நானும் உங்கள் கட்டுரையாளரைப் போலவே நம்பி, “தாமதமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று எல்லோருக்கும் அனுப்பினேன். அன்று மாலைக்குள் அழைத்தவர்கள் அனைவரும் கேட்டது ஒன்றே: “என் பார்சல் எங்கே?” குறிப்பு ஒன்று, பார்சல்களின் நிலையோ மூன்று. 23 பார்சல்களில் 9 கூரியரிடம் சேர்ந்து ஏதோ கிடங்கில் முடங்கிவிட்டன. 6 முகவரி ஒட்டப்பட்டு என் மேசையிலேயே இருந்தன. மீதி 8 பார்சல்களுக்கான சோப்புகள் இன்னும் அச்சிலிருந்தே வெளிவரவில்லை. இவற்றில் அதிகச் சண்டையை இழுத்து வந்தவை மேசையிலிருந்த ஆறுதான். கண்காணிப்பு எண் கையில் கிடைத்ததுமே பார்சல் கிளம்பிவிட்டதாக வாடிக்கையாளர் எண்ணுகிறார். கூரியர் பெற்றுக்கொண்டதாகப் பதிவு வரும்வரை அந்த எண் வெறும் எண்தான்.

பிறகு மூன்று குறிப்புகளாகப் பிரித்து எழுதினேன். மேசையிலிருந்தவற்றுக்கு எழுதியது இது: “உங்கள் பார்சல் என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது; இன்னும் கிளம்பவில்லை. வேலைநிறுத்தம் முடிந்தாலும் தேங்கியவை நகர்ந்த பிறகே இது நகரும் என்பதால், வந்து சேரும் நாளைச் சொல்ல இயலவில்லை. புதிய செய்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெள்ளிக்கிழமை மாலை எழுதுகிறேன். குறிப்பிட்ட நாளுக்குள் வேண்டுமானால் சொல்லுங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறேன்.” இருவர் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள், மற்ற நால்வரும் வெள்ளிக்கிழமைவரை அழைக்கவே இல்லை.

வாட்ஸ்ஆப்பில் பிராட்காஸ்டாக அனுப்பினால், நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அப்படி விடுபட்டவர்கள் என்னை ஏமாற்றுக்காரி என்றே நினைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதிச் சமாதானப்படுத்த ஓர் இரவு போயிற்று.

எங்கள் உழைப்பை ‘ஓய்வு நேர வருமானம்’ என்று தங்கள் இதழ் முன்பு எழுதியதையும், மறுத்து நான் எழுதிய கடிதம் வெளிவராமல் போனதையும் இங்கே நினைவூட்டுவது நாகரிகமாகாது, ஆகவே விட்டுவிடுகிறேன்.

நான் கேட்பது சிறிய இடம். மேலே உள்ள குறிப்பை அடுத்த இதழில் ஒரு கட்டத்துக்குள் வெளியிடுங்கள். என் பெயர்கூட வேண்டாம்.

இப்படிக்கு,
சோப்பு செய்து அனுப்பும் வாசகி