வாடகையில் மிச்சமாகும் ஒன்பதாயிரம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. கிண்டியில் வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அம்மாவுக்கு மூட்டுவலி இப்போது பரவாயில்லை, வாசல்வரை நடக்கிறாள். மகள் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள்.

சரி, ஆதம்பாக்கத்தில் வீடு எடுக்கலாமா, எங்கள் ஊரப்பாக்கத்தில் எடுக்கலாமா என்று நீ கேட்டதற்கு வருகிறேன். ஆதம்பாக்கத்தில் வாடகை 21,000, ஊரப்பாக்கத்தில் அதே அளவு வீடு 12,000. ஒன்பதாயிரம் மிச்சம் என்று எழுதியிருக்கிறாய். சீசன் டிக்கெட், ஸ்டேஷனில் பைக் நிறுத்தும் காசு, ரயில் தவறும் நாட்களில் ஷேர் ஆட்டோ, ஆட்டோ எல்லாம் போனால் கையில் நிற்பது எட்டாயிரம்தான்.

அடுத்து நேரத்தைப் பார். ஆதம்பாக்கத்திலிருந்து பைக்கில் இருபது நிமிடம். ஊரப்பாக்கத்தில் ரயில் ஓடும் முக்கால் மணியை மட்டும் எண்ணக்கூடாது. வீட்டிலிருந்து ஸ்டேஷன் பத்து நிமிடம், காத்திருப்பது கால் மணி, கிண்டியில் இறங்கி நடப்பது பத்து நிமிடம், ஆக 80 நிமிடம். ஒரு வழிக்கு ஒரு மணி நேரம் கூடுதல். மாதம் 22 வேலை நாள் என்றால் 44 மணி. எட்டாயிரத்தை அதால் வகுத்தால் மணிக்கு 180 ரூபாய் சொச்சம். அந்த விலைக்கு உன் நேரத்தைக் கொடுக்கச் சம்மதமா என்பதுதான் கேள்வி. கடன் இருக்கும் மாதங்களில் சம்மதம் என்றுதான் நானும் சொல்வேன், அதில் தவறே இல்லை.

ஆனால் எல்லா மணியும் ஒரே மாதிரி இல்லை. உட்கார இடம் கிடைத்த ரயிலில் படிக்கலாம், தூங்கலாம். ஜி.எஸ்.டி. சாலையில் பைக் ஓட்டுகிற ஒரு மணி நேரத்தில் ஒன்றும் செய்ய முடியாது, வீடு சேரும்போது உடம்பில் தெம்பும் இருக்காது. அதனால் கிலோமீட்டரைவிட, எத்தனை முறை வண்டி மாற வேண்டும் என்று பார். கிண்டி உனக்கு வாய்ப்பான இடம். சென்னை கடற்கரை–செங்கல்பட்டு ரயிலில் ஏறினால் மாறாமல் போய்விடலாம். ஒரு சிக்கல், கடற்கரையிலிருந்து வருகிற வண்டிகளில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். அதைத் தாண்டி வருபவை குறைவு. அதனால் மாலையில் ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் நிற்க நேரும். 2024 ஜூலை, ஆகஸ்டில் தாம்பரம் யார்டில் வேலை நடந்தபோது பல வண்டிகள் ரத்தாகி, இந்தப் பக்கத்து ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

இதைவிட எனக்குக் கவலை வேறொன்று. எங்கள் ஆபீஸ் முதலில் கிண்டியில்தான் இருந்தது. அப்புறம் சோழிங்கநல்லூருக்கு மாற்றிவிட்டார்கள். அதே ஊரப்பாக்கத்து வீடுதான், ஆனால் தாம்பரத்தில் இறங்கி, கிழக்குப் பக்கம் போய், மேடவாக்கம் வழியாகப் பஸ். காலையில் மேடவாக்கம் கூட்டுரோட்டை எப்போது தாண்டுவோம் என்று யாரும் சொல்ல முடியாது. ரயிலில் நேரம் கொஞ்சம் தள்ளினாலும் ஒரு கணக்கு உண்டு. பஸ்ஸில் அந்தக் கணக்கும் போயிற்று. வீட்டை மாற்றவும் முடியவில்லை, மகளின் பள்ளி இங்கேயே அமைந்துவிட்டது. அதனால் வேலை நிலைக்கும் என்று தெரியும்வரை ஊரப்பாக்கம் பக்கம் வீடு வாங்கும் பேச்சை எடுக்காதே. வாடகையில் இரு, அதுவும் மகனுக்குப் பள்ளி பார்க்கும்முன் முடிவு பண்ணு.

இன்னொன்று. உன் மனைவி வேலைக்குப் போகும் எண்ணத்தில் இருக்கிறாள் என்றாயே, அவளுடைய பயணத்தையும் கணக்கில் சேர். நீ ஏழு மணிக்கே கிளம்பிவிட்டால் பிள்ளையை எழுப்பி, சாப்பாடு கட்டி, பள்ளிக்கு விடுவதெல்லாம் அவள் தலையில் விழும். உன் நேரத்துக்கு நாம் போட்ட 180 ரூபாயில் அவள் நேரம் சேரவேயில்லை. இருவருக்கும் வேலை என்றால் நான் ஆதம்பாக்கம்தான் சொல்வேன், வீடு ஒரு அறை குறைந்தாலும் சரி. வாடகையைக் கொஞ்சம் குறைக்க வேண்டுமென்றால் பழவந்தாங்கல், குரோம்பேட்டை பக்கம் பார். தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் நடுவிலேயே இருப்பதால் வண்டி அடிக்கடி கிடைக்கும். மழைக்காலத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று தரகரிடம் கேட்காதே, எதிர்வீட்டுக்காரரிடம் கேள்.

அட்வான்ஸ் கொடுக்கும்முன் ஒரு திங்கட்கிழமை வந்து போ. ஞாயிறன்று ரயிலில் வந்து பார்த்து ஏமாந்துவிடாதே. அன்று கூட்டம் இருக்காது, வண்டி நேரமும் வேறு. ஞாயிறு இரவே எங்கள் வீட்டில் வந்து தங்கு. மறுநாள் காலை ஏழரைக்கு ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் உன்னை ஏற்றி விடுகிறேன், மாலை ஆறரைக்குக் கிண்டியில் நீயே ஏறி வா. எந்த வாரம் வருகிறாய் என்று எழுது, அம்மா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
ரவி