எட்டுப் பேர் போதாது: அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் உள்ள நம் முதியோர் இல்லத்தின் அறங்காவலர்களுக்கு வணக்கம்.

இங்கே ரோஸ்டர் போடுகிறவள் நான். "எட்டுப் பராமரிப்பாளர்கள் இருக்கிறார்களே, இன்னும் எதற்கு இரண்டு பேர்?" என்று போன கூட்டத்தில் கேட்டீர்கள். தலையை எண்ணினால் அப்படித்தான் தோன்றும், மணி நேரத்தை எண்ணிப் பாருங்கள். பகலில் மூன்று பேர், இரவில் இரண்டு பேர், ஒவ்வொருவரும் 12 மணி நேரம் என்றால் வாரத்துக்கு 420 மணி நேரம் வேலை இருக்கிறது. நம் நாட்டுச் சட்டப்படி ஒருவரின் சாதாரண வேலை நேரம் வாரம் 45 மணி. அதிலும் மூன்று வாரம் சம்பளத்தோடு விடுப்பு, உடம்பு சரியில்லாமல் போவது இரண்டு வாரம் போல, ஆக ஆண்டில் 47 வாரம்தான் ஆள் கையில் இருப்பார். வகுத்துப் பாருங்கள், பத்துப் பேருக்கும் கொஞ்சம் மேலே வரும்.

எட்டுப் பேரை வைத்து ஓட்டுவதால் வாரத்துக்கு ஏறக்குறைய 95 மணி நேரம் துண்டு விழுகிறது. ஓவர்டைமை வாரம் 10 மணி நேரத்துக்கு மேல் வாங்கச் சட்டம் விடாது, எல்லாரும் அந்த எல்லை வரை செய்தாலும் விடுப்பு வாரங்கள் போக 72 மணி நேரம்தான் நிரம்பும். மீதிக்கு ஏஜென்சியில் ஆள் கேட்க வேண்டும், ஆள் வராத இரவில் ஒருத்தியே இரண்டு வார்டையும் பார்க்கிறாள்.

சரி, பணத்துக்கு வருவோம். சாதாரணச் சம்பளம் மணிக்கு 35 ராண்ட், ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, ஏஜென்சி 75. இந்தத் துண்டை அடைக்க ஆண்டுக்குச் சுமார் 2,84,000 ராண்ட் போகிறது. இரண்டு பேரை நிரந்தரமாக எடுத்தால் யுஐஎஃப் என்ற வேலையின்மைக் காப்பீட்டுக்குக் கட்டுவதும் சேர்த்து 1,65,000, அப்போதும் மிஞ்சும் கொஞ்ச ஓவர்டைமுக்கு 36,000. சீருடை, பயிற்சி எல்லாம் போட்டாலும் இப்போது செலவழிப்பதைவிடக் குறைவுதான். ஞாயிறு, பொது விடுமுறை நாள் கூடுதல் சம்பளத்தை நான் சேர்க்கவில்லை, யார் வேலை செய்தாலும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும்.

இந்தக் கணக்கில் வராத ஒன்று கட்டில் காலில் தொங்குகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைத்துக் கையெழுத்துப் போடும் தாள் அது. ஒருத்தியே இருந்த இரவுகளில் 2 மணிக் கட்டமும் 4 மணிக் கட்டமும் காலியாகக் கிடக்கின்றன. அவளைக் குறை சொல்ல முடியாது, கனமான உடம்பைத் தனியாகப் புரட்டினால் அவள் முதுகு போய்விடும், அப்புறம் அவளுக்கும் விடுப்பு. புரட்டாமல் விட்டால் குதிகாலிலும் இடுப்பின் அடியிலும் முதலில் சிவக்கும். விரலால் அழுத்தியும் அந்தச் சிவப்பு வெளுக்காவிட்டால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆழமாகிவிட்டால் ஆற மாதக்கணக்கில் ஆகும், தினமும் கட்டு மாற்ற நர்ஸ் வேண்டும், அந்த வலியை அனுபவிப்பது நம்மை நம்பி வந்த பாட்டி.

இல்லத்தில் தங்கும் முதியோர் குறைந்து இரவுக்கு ஒரு பராமரிப்பாளரே போதும் என்ற நிலை வந்தால் இந்தக் கணக்கும் மாறும், ஆனால் இப்போது ஒரு கட்டில்கூடக் காலியில்லை. அதனால் அடுத்த கூட்டத்திலேயே இரண்டு பணியிடங்களுக்கும் ஒப்புதல் கொடுங்கள். ரோஸ்டர் புத்தகம், ஏஜென்சி பில், புரட்டல் தாள்கள் மூன்றையும் எடுத்துக்கொண்டு வருகிறேன், ஒவ்வொரு எண்ணையும் நீங்களே சரிபார்க்கலாம்.