அளந்தது யோசினையையா, மனச்சோர்வையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதியவர்களின் ‘யோசினை’யை அளக்கப் புதிய வினாக்கொத்து ஒன்று தயாராகிவிட்டதாகக் கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். அப்படி ஓர் அளவை வருவது நல்லதுதான். எங்கள் பக்கத்தில் ஓர் அம்மா ‘எனக்குச் சரியான யோசினை’ என்றால், ஏதோ சிந்தித்துக்கொண்டிருக்கிறார் என்று யாரும் எடுப்பதில்லை. காணாமல் போன மகன், அடைவில் கிடக்கிற நகை, வெளிநாட்டிலிருந்து எடுக்காத தொலைபேசி என்று மனம் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது என்று அர்த்தம். அதை அப்படியே ‘மனச்சோர்வு’ என்று எழுதிவிட்டால் ஏதோ ஒன்று தவறிப்போகிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கட்டுரையின் கடைசிப் பந்தியில், இந்த அளவை உலகெங்கும் பாவிக்கப்படும் மனச்சோர்வு வினாக்கொத்துடன் 0.79 அளவுக்கு ஒத்துப்போகிறது, ஆகவே இதன் தகுதி நிரூபணமாகிவிட்டது என்று இருந்தது. அந்த ‘ஆகவே’ எனக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாகிவிட்டது. யோசினையும் மனச்சோர்வும் வேறு வேறு என்பதற்காகத்தானே புதிய அளவை செய்தீர்கள்? அப்புறம் பழையதோடு அச்சொட்டாகப் பொருந்துகிறது என்று மகிழ்ந்தால் எப்படி?

நான் இதை வெளியிலிருந்து சொல்லவில்லை. ஒரு தொண்டு அமைப்பில் பல வருடம் தரவு பதியும் வேலை பார்த்தவன். இதே யோசினைக்கு நாங்களும் ஒரு வினாக்கொத்துச் செய்தோம், இதே பிழையை விட்டோம். அது அச்சேறவில்லை. அதனால் அமைப்பின் பெயர் வேண்டாம், என் பெயரையும் தயவுசெய்து போடாதீர்கள்.

எங்களுடையது 12 கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று கேட்டு, இல்லை, சில நாள், பாதிக்கு மேல், கிட்டத்தட்ட எல்லா நாளும் என நான்கு பதில், 0 முதல் 3 வரை புள்ளி. பி.எச்.கியூ-9 என்ற மனச்சோர்வு வினாக்கொத்தைப் பார்த்தே இந்த அமைப்பை எடுத்தோம். 2001இல் வந்த அதில் 9 கேள்வி, மொத்தம் 27 புள்ளி. 110 முதியவர்களிடம் இரண்டையும் கேட்டு, இரண்டின் புள்ளியும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று கணக்குப் போட்டபோது இணைவு 0.81 வந்தது. அன்று பின்னேரம் எங்கள் அலுவலகத்தில் வடையும் பிளேன் ரீயும்.

அடுத்த நாள் இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் புதிதாக வந்த ஒரு பிள்ளை. ‘அண்ணை, இந்த நாலு கேள்வியும் அங்கையும் இருக்குதே’ என்றார். உண்மைதான். நித்திரை வராமை, களைப்பு, சாப்பாட்டில் மனமில்லாமை, ஒன்றில் கவனம் நில்லாமை. யோசினை உள்ளவர்களுக்கு இவை இருக்கும் என்று நாங்கள் எழுதிய நான்கும், சொல் மாறி பி.எச்.கியூ-9இல் இருந்தன. ஒரே ஆளிடம் ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டுவிட்டு, பதில் பொருந்துகிறது என்று வடை சாப்பிட்டிருக்கிறோம்.

இங்கே இன்னொரு கணக்கும் இருக்கிறது. எந்த வினாக்கொத்தும் பிசகில்லாமல் அளப்பதில்லை. இரண்டிலும் உள்ள அந்தப் பிசகு, இணைவை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். ஒரு வினாக்கொத்து எவ்வளவு பிசகில்லாமல் அளக்கிறது என்று சொல்லும் எண்ணுக்கு நம்பகக் குணகம் என்று பெயர். கண்ட இணைவை இரண்டின் நம்பகக் குணகங்களையும் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால், பிசகு இல்லாவிட்டால் எவ்வளவு வந்திருக்கும் என்று தெரியும். ஸ்பியர்மன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1904இல் சொன்ன வழி. எங்கள் 12 கேள்விக்கு நம்பகம் 0.84, பி.எச்.கியூ-9க்கு எங்கள் ஆட்களிடம் 0.82.

0.81 ÷ √(0.84 × 0.82) = 0.98

முழுதாக ஒன்றேதான் என்றால் 1 வரும். நாங்கள் புதிதாக ஒன்றும் அளக்கவில்லை, பழைய சரக்குக்கு யாழ்ப்பாணத்துப் பெயர் ஒட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். இந்தத் தவறு பெரிய இடங்களிலும் நடக்கிறது. வேறு பெயர் இருப்பதால் வேறு பொருள் என்று நம்பும் மயக்கத்தைக் கெல்லி என்ற அமெரிக்கர் 1927லேயே சுட்டிக்காட்டினார். ‘கிறிற்’ என்று விடாமுயற்சிக்கு ஓர் அளவை சில வருடத்துக்கு முன் பெரிதாகப் பேசப்பட்டதே, 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது ‘கடமையுணர்வு’ என்ற பழைய ஆளுமைப் பண்புடன் 0.84 இணைந்து நின்றது.

அந்த நான்கு கேள்வியையும் தூக்கினோம். மிஞ்சிய எட்டுக்கு நம்பகம் 0.79 ஆக இறங்கியது, மனச்சோர்வுடன் இணைவு 0.63. மேலே சொன்னபடி திருத்தினால் 0.78. இப்போது சரி என்று பட்டது. யோசினை உள்ளவருக்கு மனச்சோர்வும் இருக்க வாய்ப்புக் கூட, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 0.85க்கு மேலே போனால் ஒன்றோ என்று சந்தேகிக்க வேண்டும் என்பது பலர் பாவிக்கிற கணக்கு. அது சட்டமில்லை. 110 பேரில் கண்ட 0.63, உண்மையில் 0.50 ஆகவும் இருக்கலாம், 0.73 ஆகவும் இருக்கலாம்.

இதுவரை சொன்னது உறவுள்ள அளவைகளைப் பற்றி. உங்கள் கட்டுரையில் மருந்துக்கும் இல்லாதது, உறவில்லாத அளவையோடு வைத்துப் பார்ப்பது. எங்களிடம் அது தற்செயலாகத்தான் இருந்தது. வேறொரு திட்டத்துக்காக அதே ஆட்களிடம் அதே தாளில் ஊர் வசதி பற்றி ஆறு கேள்வி சேர்த்திருந்தார்கள்: கிணற்றுத் தண்ணீர் உப்பா, பஸ் பிந்துகிறதா, தெரு விளக்கு எரியவில்லையா, இப்படி. பதில் அதே நான்கு வகை. கிணறு உப்பாவதற்கும் மனதில் யோசினை சுற்றுவதற்கும் சம்பந்தம் இருக்கக் காரணமில்லை, இணைவு பூச்சியத்தை ஒட்டி வரவேண்டும். வந்தது 0.41.

சிலர் உடனே விளக்கம் சொன்னார்கள். யோசினை உள்ள ஆளுக்கு எல்லாமே குறையாகத் தெரியும்தானே? இருக்கலாம். அதைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு முதியவரின் வீட்டிலும் மகளிடமோ மருமகளிடமோ, ‘அம்மாவுக்கு யோசினை எப்படி?’ என்று தனியாகக் கேட்டுப் புள்ளி போட்டு வைத்திருந்தோம். யோசினைதான் குறை சொல்ல வைக்கிறது என்றால், மகள் சொன்ன யோசினைப் புள்ளியும் அம்மா சொன்ன கிணற்றுக் குறையோடு கொஞ்சமாவது இணைய வேண்டும். அது 0.06. அப்போ இணைத்தது யோசினை இல்லை, கேட்ட விதம்.

முதியவரே சொன்ன யோசினைக்கும் மகள் சொன்ன யோசினைக்கும் இடையே எவ்வளவு தெரியுமா? 0.44. கேம்பல், ஃபிஸ்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1959இல் எழுதிய கட்டுரையின் சாரமே இந்த ஒப்பீடுதான். ஒரே பண்பை இரண்டு வழியில் அளந்தால் வரும் இணைவு, வேறு வேறு பண்பை ஒரே வழியில் அளந்தால் வரும் இணைவைவிடத் தெளிவாகக் கூட இருக்க வேண்டும். எங்களுக்கு 0.44க்கு எதிரே 0.41. யோசினை என்பதால் பொருந்தியது எவ்வளவோ, ஒரே வாய், ஒரே தாள் என்பதால் பொருந்தியதும் கிட்டத்தட்ட அவ்வளவு.

காரணம் என்னவென்று பார்க்க ஒருநாள் நானும் கேள்வி கேட்கிற பிள்ளையோடு போனேன். திண்ணையில் ஓர் ஆச்சி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை ஒவ்வொன்றாகக் கேட்க, ஆச்சி சுளகிலிருந்து கண்ணெடுக்காமல், ‘ஓம் பிள்ளை, ஓம்.’ பழையது நினைவு வருகிறதா? ஓம் பிள்ளை. தெரு விளக்கு எரியவில்லையா? ஓம் பிள்ளை. பஸ் பிந்துகிறதா? ஓம் பிள்ளை. பிள்ளையும் ‘பாதிக்கு மேல்’ என்பதில் சரி போட்டுக்கொண்டே போகிறார். வெளிக்கிடும்போது சும்மா கேட்டேன், ஆச்சி பஸ்ஸில் கடைசியாக எப்போது போனீர்கள் என்று. கால் ஏலாமல் போனதிலிருந்து பஸ் ஏறியதே இல்லையாம்.

வந்த பிள்ளையை மறுத்துப் பேசக்கூடாது என்ற மரியாதைதான். அது நல்ல குணம், அளவையில் கலந்தால் நஞ்சு. எல்லாவற்றுக்கும் ஓம் சொல்பவர் யோசினையிலும் கூடுவார், கிணற்றிலும் கூடுவார். எதற்கும் தலையசைக்காதவர் இரண்டிலும் குறைவார். இணைவு தானாக வந்துவிடும்.

முதலில் எதிர்மறையாகக் கேள்வி எழுதிப் பார்த்தோம், ‘பழையது நினைவு வராமல் இருந்ததா?’ என்பது போல. அது இன்னும் கூத்து. ஓம் என்றால் வந்ததா, வரவில்லையா என்று கேட்கிறவருக்கும் விளங்கவில்லை. பிறகு ஒரு பால்மா ரின்னும் ஏழு புளியங்கொட்டையும் கொண்டுபோனோம். போன கிழமையில் எத்தனை நாள் இப்படி இருந்ததோ அத்தனை கொட்டையை ரின்னுக்குள் போடுங்கோ. ஓம் சொல்லித் தப்ப முடியாது. ஆச்சிமார் யோசித்தார்கள், ஒன்று போட்டுவிட்டு இன்னொன்றைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்கள். நேரம் இரட்டிப்பானது உண்மை.

அப்படிப் புதிதாக 64 பேரிடம் எல்லாவற்றையும் கேட்டதில், ஊர் வசதியுடன் இணைவு 0.12 ஆக விழுந்தது. மகள் சொன்னதுடன் 0.47. மனச்சோர்வுடன் இருந்த 0.63ம் 0.52 ஆக இறங்கியது. நாங்கள் பெருமைப்பட்ட ஒத்துப்போதலிலும் கொஞ்சம் ‘ஓம் பிள்ளை’ கலந்திருந்தது என்று எடுத்துக்கொண்டேன். 64 பேர் காணாது, உண்மையான எண் 0.12க்குப் பதில் 0.3 ஆகவும் இருக்கலாம். அதனால்தான் அதை நாங்கள் வெளியில் சொல்லித் திரியவில்லை.

இனி உங்கள் கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள். அவர்களுடைய அளவை எங்களுடையதைவிட நல்லதாகவே இருக்கலாம். எந்த அளவையுடன் எவ்வளவு இணையும், எதனுடன் இணையாது என்று தரவு சேர்க்க முன்னரே எழுதி வைத்தார்களா, வீட்டார் யாரிடமாவது கேட்டார்களா என்று அறிய ஆவல். அதைவிட, இடமிருந்தால் வினாக்கொத்தை முழுதாக அச்சிடுங்கள். அதில் நித்திரை என்ற சொல் எத்தனை தரம் வருகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மானிப்பாய்.