மழை நேர டாக்ஸிக் கட்டணம்: போக்குவரத்துத் துறைக்கு ஒரு திறந்த மடல்

போக்குவரத்துத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன ஐப்பசியில் ஒரு மாலை. மதுரை ஜங்ஷன் வாசலில், கொட்டுகிற மழையில், அம்மாவோடு நின்று ஆப்பில் டாக்ஸி போட்டேன். ஆனையூருக்கு வழக்கமாக 160 ரூபாய்தான் வரும். அன்று 290 காட்டியது. அம்மா நனைந்துகொண்டிருந்தார், சரி என்று அழுத்திவிட்டேன். வண்டி வர 20 நிமிடம் ஆனது. ஏறியதும் மனசு கேட்கவில்லை.

"என்னண்ணே, மழை பெஞ்சா இப்படியா ஏத்துவீங்க?"

கண்ணாடியின் உள்பக்கம் படிந்த ஆவியைத் துண்டால் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார். "நான் எங்கம்மா ஏத்துறேன்? இந்த ஏரியாவுல எத்தனை பேர் வண்டி தேடுறாங்க, எத்தனை வண்டி சும்மா நிக்குதுன்னு பாத்து ஆப்பே ஏத்துது. மழை வந்தா டூவீலர்ல போறவங்களும் கார் தேடுவாங்க. டிரைவர்ங்க பாதிப் பேரு ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிருவாங்க. 160தான்னா நானும் போயிருப்பேன்."

"அப்ப உங்களுக்கு நல்ல வரும்படிதானே?"

"கணக்கு பாருங்க. மத்த நாள்ல ஒரு மணி நேரத்துல இந்த மாதிரி ரெண்டு சவாரி அடிப்பேன். 320 ஆச்சா? இன்னைக்கு ஊர்ந்து ஊர்ந்து ஒரே சவாரி. அதுக்கும் மாட்டுத்தாவணியில இருந்து காலியா வந்தேன்."

கோரிப்பாளையம் சிக்னலில் தன் போனைத் திருப்பிக் காட்டினார். அவருக்கு வரப்போவது 215 ரூபாய். நான் கொடுப்பது 290. எனக்கு வாயடைத்துப் போனது.

மழையில் கட்டணம் கூடுவதை நான் எதிர்க்கவில்லை. கூடாவிட்டால் அன்று எங்களுக்கு வண்டியே கிடைத்திருக்காது. ஆனால் கூடுகிற பணம் தண்ணீரில் வண்டி ஓட்டுகிறவர் கைக்குப் போக வேண்டும். 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வரை வாங்கலாம் என்கிறது. சொந்த வண்டி ஓட்டுபவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் சேர வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த அண்ணன் ஓட்டியது சொந்த வண்டி. 290-க்கு 80 சதவீதம் 232. அவருக்கு 17 ரூபாய் குறைகிறது.

இரண்டு மடங்கைத் தாண்டியதா என்று பார்க்கவும் வழியில்லை. 160 என்பது நான் வழக்கமாகக் கொடுப்பது. அதுதான் அடிப்படைக் கட்டணமா என்று ரசீதில் ஒரு வரிகூட இல்லை.

அதனால் கேட்கிறேன். ஒவ்வொரு ரசீதிலும் அடிப்படைக் கட்டணம், எத்தனை மடங்கு ஏறியது, ஓட்டுநருக்குப் போனது எவ்வளவு என்ற மூன்றையும் அச்சிடச் சொல்லுங்கள். ஓட்டுநர் போனிலும் அதே மூன்றும் தெரியட்டும். அடுத்த ஐப்பசிக்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆனையூர் பயணி ஒருத்தி