ஒரே பட்டியலில் இரண்டு பரீட்சைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உள்ளூர் உயர்தரம் எடுத்த பிள்ளைகளையும் லண்டன் உயர்தரம் எடுத்த பிள்ளைகளையும் ஒரே பட்டியலில் போட்டு அனுமதி கொடுக்கத் தமிழ்நாட்டு முறையைப் பின்பற்றலாம் என்று போன ஞாயிறு வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். அதை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் பொறியியல் அனுமதிக்குச் செய்வது இதுதான். பௌதிகவியலில் மாநில வாரியத்தின் அதிகூடிய புள்ளி 100, வேறொரு வாரியத்தில் 90 என்றால் அந்த 90ஐ 100 ஆக்குவார்கள். அங்கே 60 எடுத்த பிள்ளைக்கு 66.67 வரும். கணக்கு லேசு, பெற்றோருக்கும் விளங்கும். ஆனால் ஒரு வாரியத்தின் முழு அளவுகோலும் ஒரே பிள்ளையின் விடைத்தாளில் தொங்குகிறது. முதலாவதாக வந்தவள் இன்னும் ஐந்து புள்ளி கூட எடுத்திருந்தால், 60 எடுத்தவனுக்கு 63.16 தான். அவன் எழுதியதில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

இரண்டு பரீட்சையிலும் அதிகூடிய புள்ளி 100 என்றே வைப்போம். அப்போது இந்த முறை எதையுமே மாற்றாது. ஒன்றில் சராசரி 50, நியம விலகல் 20. மற்றதில் சராசரி 70, நியம விலகல் 10. முதலாவதில் 80 எடுத்த ஒருவரும் மற்றதில் 80 எடுத்த ஒருவரும் தமிழ்நாட்டு முறையில் சமம். சராசரியிலிருந்து எத்தனை நியம விலகல் தள்ளி என்று சொல்கிற, எங்களுக்குப் பழகிய இசட் புள்ளியில் பார்த்தால் முதலாமவருக்கு 1.5, மற்றவருக்கு 1.0.

அப்போ இசட் புள்ளியையே போடலாமே என்பீர்கள். அங்கேதான் கவனம் வேண்டும். தனித்தனிப் பரீட்சைகளுக்கு இசட் புள்ளி போட்டு ஒன்றாய்ச் சேர்க்கும்போது, இரண்டு கூட்டத்தின் சராசரிப் பிள்ளையும் ஒரே கெட்டித்தனம் என்று சொல்லாமலே ஒப்புக்கொள்கிறோம். எங்கள் ஊரில் தரப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டாலே பழைய ஆட்களுக்கு ஏன் முகம் மாறும் என்று இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1973இல் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிமூலவாரியாகப் புள்ளிகளை ஒரே அளவுக்குக் கொண்டு வந்தபோதும் உள்ளே இருந்தது இதே எடுகோள்தான். ஒவ்வொரு மொழிமூலத்திலும் தோற்றியவர்களின் விகிதத்துக்கே தெரிவாகிறவர்களும் வரும்படி அளவு போட்டார்கள்.

கூட்டங்களைப் பிரிக்காமல் கலந்தாலும் சிக்கல்தான். 2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம் என்று இரண்டு வினாத்தாள்கள். இரண்டையும் சேர்த்து இசட் புள்ளி கணித்தார்கள். 2012இல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளி, இரண்டும் வெவ்வேறு கூட்டங்கள், தனித்தனியாகக் கணியுங்கள் என்றது. பிரித்தது நியாயம். ஆனால் பழைய பாடத்திட்டத்தில் இருந்தவர்கள் ஏற்கெனவே ஒருமுறையாவது எழுதிப் பார்த்தவர்கள். அவர்களின் சராசரியும் முதல்முறை எழுதியவர்களின் சராசரியும் ஒன்றுதானா என்பதை எந்தக் கணிப்பும் சொல்லித் தராது.

போன வருடம் ஒரு புலமைப்பரிசில் குழுவில் இருந்தேன். உள்ளூர் உயர்தரப் பிள்ளைகள் பன்னிரண்டு, லண்டன் பிள்ளைகள் ஐந்து. எங்கள் பெறுபேற்றுத் தாளில் இசட் புள்ளி இருக்கும், பாடத்துக்கு எத்தனை புள்ளி என்று இராது. லண்டன் தாளில் 600க்கு இத்தனை என்று இருக்கும், இசட் புள்ளி இராது. அந்த 600கூட நேரடிப் புள்ளி இல்லை, ஏற்கெனவே ஒருதரம் அளவு மாற்றியது. சரி, நாங்களே கணிப்போம் என்று ஒருவர் அந்த ஐந்து பேரின் கணிதப் புள்ளிகளை எக்செலில் போட்டார்: 540, 516, 492, 480, 472. சராசரி 500. 492 எடுத்த பிள்ளைக்கு இசட் புள்ளி மைனஸ் 0.32. பட்டியலை வாசித்த ஆசிரியை நிமிர்ந்து, "சேர், 480 எடுத்தாலே ஏ. ஏ எடுத்த பிள்ளை எப்படிச் சராசரிக்குக் கீழே போகும்?" என்று கேட்டார். எல்லோருக்கும் அப்போதுதான் உறைத்தது. உள்ளூர்ப் பிள்ளைகளின் இசட் புள்ளி நாடு முழுவதும் தோற்றியவர்களை வைத்து வந்தது. இது எங்களிடம் விண்ணப்பித்த ஐந்து பேரை வைத்து வந்தது.

கடைசியில் பதினேழு பேருக்கும் இரண்டு மணி நேர வினாத்தாள் ஒன்று வைத்தோம். இணைந்த கணிதத்தில் நிலையியல் அதிகம், லண்டன் பிள்ளைகளில் சிலர் அதற்குப் பதில் புள்ளிவிபரவியல் படித்திருந்தார்கள். இரண்டையும் விட்டுவிட்டு வகையீடு, திரிகோணகணிதம் போன்ற பொதுவான பகுதிகளில் மட்டுமே கேட்டோம். நிலையியலில் கெட்டியான ஒரு பையனுக்கு அது நட்டம்தான், மறுக்கவில்லை.

எனவே பொதுப் பட்டியல் போடப் போகிற நிறுவனங்களிடம் கேட்பது இதுதான்: விண்ணப்பம் கோரும் விளம்பரத்திலேயே, சராசரியும் நியம விலகலும் யாரை வைத்துக் கணிக்கப்படும், அந்தப் பரீட்சை எழுதிய எல்லோரையுமா அல்லது விண்ணப்பித்தவர்களை மட்டுமா என்று ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுநிலைக் கணித ஆசிரியர்,
கோண்டாவில்.