பின்னட்டைக் குறிப்பை எழுத்தாளரிடமே கேட்காதீர்கள்: பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பதிப்பக நண்பர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் பிறந்துவிட்டால் நம் தொழிலில் யாருக்கும் தூக்கம் இல்லை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. அதற்குள் நூல் கட்டுமானம் முடிந்து வந்தாக வேண்டும். உள்பக்கங்கள் அச்சுக்குப் போயிருக்கும். அட்டை மட்டும் வடிவமைப்பாளரிடம் காத்திருக்கும், அதில் ஆசிரியர் குறிப்புக்கான கட்டம் காலியாக இருக்கும். அப்போதுதான் யாருக்காவது நினைவு வரும். எழுத்தாளரின் வாட்ஸ்அப்புக்கு ஒரு செய்தி போகும்: "உங்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பும் புகைப்படமும் அனுப்புங்கள். இன்றே வேண்டும்."

அந்தச் செய்தியை இனி அனுப்ப வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல். நான் பிரதி திருத்துகிறவன். முந்நூறு பக்கங்களை வரி வரியாகத் திருத்திய பிறகு, அட்டையில் உள்ள பத்து வரிகள் யார் கண்ணிலும் படாமல் அச்சேறுவதைப் பல முறை பார்த்துவிட்டேன். கடையில் புத்தகத்தைக் கையில் எடுப்பவர் முதலில் திருப்பிப் பார்ப்பது அந்தப் பத்து வரிகளைத்தான்.

எழுத்தாளரிடம் கேட்டால் என்ன தவறு என்பீர்கள். நம் மொழியில்தான் சிக்கல் இருக்கிறது. படர்க்கையில் எழுத வேண்டுமானால் வினைமுற்று 'ஆன்', 'ஆள்', 'ஆர்' விகுதிகளில் ஒன்றை ஏற்றாக வேண்டும். அட்டைக்கு 'ஆர்'தான் பொருந்தும். ஆக, தன்னைப் பற்றித் தானே எழுதும் மனிதர் தனக்குத் தானே மரியாதை விகுதி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'பிறந்தார்', 'எழுதினார்' என்று தன்னைப் பற்றி எழுதக் கூச்சப்படாதவர் குறைவு. கூச்சப்படுகிறவர் 'நான் பிறந்தேன்' என்று தன்மையில் அனுப்பிவிடுகிறார். மற்றவர் அந்தக் கூச்சத்தை மறைக்க அலுவலக நடைக்குள் புகுந்துகொள்கிறார்: 'பிறந்துள்ளார், பணியாற்றியுள்ளார், பெற்றுள்ளார்.' படித்தால் பணிப் பதிவேட்டைப் புரட்டுவது போலிருக்கும்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. நன்னூலின் பாயிரத்திலேயே பவணந்தியார் சொல்லிவிட்டார்: யாருக்கும் தோன்றாததைத் தோற்றிப் பல துறைகளை முடித்தவனே ஆனாலும் 'தான்தற் புகழ்தல் தகுதி அன்றே.' பாயிரம் சொல்லத்தக்கவர் யார் என்றும் பட்டியல் தருகிறார்: நூலாசிரியனின் ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், உரைகாரன். தன்னைப் புகழலாம் என்று அனுமதிக்கும் இடங்களும் உண்டு. அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றல் அறியாதவர் நடுவில், அவையில் வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது. பின்னட்டை இந்த நான்கில் எதிலும் சேராது. இன்றைய பதிப்பகத்தில் அந்த 'உடன் கற்றவன்' இடத்தில் இருப்பவர், பிரதியை நான்கு முறை படித்த உங்கள் திருத்துநர்தான்.

சென்ற ஆண்டு என் கைக்கு வந்த ஒரு குறிப்பைச் சொல்கிறேன். ஊரை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஓய்வு பெற்ற மின்வாரிய ஊழியர் ஒருவரின் முதல் சிறுகதைத் தொகுப்பு. அவர் அனுப்பியது ஏறக்குறைய 140 சொற்கள். அதன் ஒரு பகுதி:

"நான் போடிநாயக்கனூரில் ஓர் எளிய குடும்பத்தில் 1961ஆம் ஆண்டு பிறந்தேன். இளமை முதலே இலக்கிய ஆர்வம் கொண்ட நான், பள்ளி நாட்களிலேயே கவிதைகள் எழுதி ஆசிரியர்களின் பாராட்டைப் பெற்றேன். மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றுள்ளேன். எனது கதைகள் பல்வேறு சிற்றிதழ்களில் வெளிவந்துள்ளன. பல்வேறு அமைப்புகளின் பரிசுகளைப் பெற்றுள்ளேன். என் எழுத்துக்கு உறுதுணையாக இருக்கும் என் மனைவிக்கு இத்தருணத்தில் நன்றி கூறிக்கொள்கிறேன்."

பதிப்பகத்தில் யாரோ 'நான்' என்பதையெல்லாம் 'இவர்' என்று மாற்றி, வினைகளையும் ஒருவாறு திருத்தி வடிவமைப்பாளருக்கு அனுப்பிவிட்டார்கள். சரிபார்ப்புக்கு வந்த அட்டையில் கடைசி வரி இப்படி இருந்தது: "இவர் தன் எழுத்துக்கு உறுதுணையாக இருக்கும் என் மனைவிக்கு நன்றி கூறிக்கொள்கிறார்." யாருடைய மனைவி என்று பதிப்பாளரே விளக்க வேண்டிய நிலை.

தன்மையிலிருந்து படர்க்கைக்கு மாற்றும்போது 'நான்' மட்டும் மாறினால் போதாது. 'எனது', 'என்', 'எங்கள்' எல்லாம் வரிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். 'எங்கள் ஊர்' என்றால் ஊருக்குப் பெயர் சொல்ல வேண்டும். 'சென்னைக்கு வந்தேன்' என்பது 'சென்னைக்கு வந்தார்' ஆனால், சொல்பவர் சென்னையில் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள்; மதுரைப் பதிப்பகம் போடும் நூலில் அது 'சென்றார்' ஆக வேண்டும். 'இவர்' என்று மரியாதையில் தொடங்கினால் 'தம்' என்று தொடர்வது மரபு. 'தன்' என்பதும் இன்று பரவலாகப் புழங்குகிறது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் முதல் வரியில் 'தம்', மூன்றாம் வரியில் 'தன்' என்று இருந்தால் இரண்டு பேர் எழுதியது தெரிந்துவிடும்.

இனி அளவு. இந்தக் குறிப்பு பின்னட்டையின் உள்மடிப்பில் வர வேண்டியது. டெமி அளவு நூலில் அந்த மடிப்பு ஏறக்குறைய மூன்று அங்குல அகலம். விளிம்பு விட்டுப் பத்துப் புள்ளி எழுத்தில் கோத்தால் வரிக்கு மூன்று, நான்கு தமிழ்ச் சொற்கள்தான் கொள்ளும். 140 சொற்கள் என்றால் நாற்பது வரிகள். மடிப்பு முழுவதும் அதற்கே போய்விடும், படத்துக்கு இடமிருக்காது. நாற்பது சொற்கள் பன்னிரண்டு வரிக்குள் அடங்கும். ஆகவே நூறு சொற்களை எடுக்க வேண்டும்.

எதை எடுப்பது? எந்த எழுத்தாளருக்கும் பொருந்தும் வரி முதலில் போகட்டும். எளிய குடும்பம், இளமை முதலே ஆர்வம், ஆசிரியர்களின் பாராட்டு மூன்றும் அப்படிப் போயின. 'பல்வேறு' என்ற சொல்லைக் கண்டால் நான் எழுத்தாளருக்குத் தொலைபேசுவேன். எந்தப் பரிசுகள் என்று கேட்டேன். உள்ளூர் வாசகர் வட்டம் ஒன்று ஒருமுறை கொடுத்தது, இன்னொன்று அலுவலகப் பொங்கல் விழாவில் கிடைத்தது என்று சிரித்தார். அவரே எடுத்துவிடச் சொன்னார். மனைவிக்கான நன்றியை முன்னுரைக்கு நகர்த்தினோம். அங்கே அவர் 'நான்' என்றே சொல்லலாம்.

எடுத்து முடித்தால் ஊர், ஆண்டு, வேலை, சிற்றிதழ் மட்டும் மிஞ்சின. குறிப்பு சுருங்கிவிட்டது, ஆனால் சில்லென்று இருந்தது. இந்த இடத்தில்தான் பலர் 'மனிதநேயமிக்க', 'மண்வாசனை கமழும்' என்று அடைமொழி தேடுவார்கள். நான் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "வேலைக்குப் போகும்போது சட்டைப்பையில் என்ன வைத்திருப்பீர்கள்?" ஒரு சின்னக் குறிப்பேடு என்றார். மின் அளவி எண்களா எழுதுவீர்கள் என்றேன். இல்லை, எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுப் பாட்டி வெயிலில் வந்தவனுக்கு மோர் கொடுப்பார் என்று எழுதுவேன் என்றார். தொகுப்பில் பாதிக் கதைகள் அந்தக் குறிப்பேட்டிலிருந்து வந்தவை. 140 சொல்லில் எழுதியும் அவருக்கு இதைச் சொல்லத் தோன்றவில்லை, ஏனென்றால் அவருக்கு இது பெருமைப்படத்தக்க செய்தி இல்லை. மடிப்புக்காக நான் எழுதிய குறிப்பு இது:

"போடிநாயக்கனூரில் 1961இல் பிறந்தவர். மின்வாரியக் கணக்கீட்டாளராக 31 ஆண்டுகள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவ்வூரின் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கினார். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுப் பாட்டி மோர் தருவார் என்று சட்டைப்பைக் குறிப்பேட்டில் எழுதிவைத்த வரிகளே பின்னர் கதைகளாயின. பல கதைகள் முதலில் சிற்றிதழ்களில் வெளிவந்தவை. இது முதல் தொகுப்பு."

நாற்பது சொற்கள். ஓரிடத்தில்கூட 'இவர்' இல்லை என்பதைக் கவனியுங்கள். பெயர் மேலேயே அச்சாகியிருக்கிறது. தமிழ் வினைமுற்றே யார் என்று சொல்லிவிடும். ஒவ்வொரு வாக்கியத்தையும் 'இவர்' என்று தொடங்கினால் மேடையில் அறிமுக உரை கேட்பது போலாகிவிடுகிறது. 'பிறந்தவர்' என்று வினையாலணையும் பெயரில் முடித்தால் மரியாதையும் இருக்கும், அதிகாரத் தொனியும் வராது. அதையே எல்லா வாக்கியங்களிலும் செய்தால் அதுவும் சலிக்கும். அதனால்தான் ஓரிடத்தில் 'இறங்கினார்', ஓரிடத்தில் 'கதைகளாயின.'

'தற்போது' என்ற சொல்லும் இதில் இல்லை. 'தற்போது மதுரையில் வசித்துவருகிறார்' என்ற வரி மூன்றாம் பதிப்பிலும் அப்படியே அச்சாகும். அதற்குள் அவர் மகள் வீட்டுக்குப் போயிருப்பார், அல்லது காலமாகியிருப்பார். இறந்துபோன ஒருவர் 'எழுதிவருகிறார்' என்று அச்சான அட்டை என் அலமாரியிலேயே இருக்கிறது. வயதைப் போடாமல் பிறந்த ஆண்டைப் போடுவதும் இதற்காகத்தான். வீட்டு முகவரி, கைபேசி எண் போடும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடலாம். கடிதம் எழுத விரும்பும் வாசகர் பதிப்பக முகவரிக்கு எழுதட்டும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். மெய்ப்பு இரண்டாம் முறை போகும்போதே ஆசிரியர் குறிப்பையும் திருத்துநரிடம் ஒப்படையுங்கள். அவர் எழுத்தாளரோடு பத்து நிமிடம் பேசட்டும், அவரே எழுதட்டும். எழுதியதை அட்டை அச்சுக்குப் போகும் முன் எழுத்தாளருக்கு வாசித்துக் காட்டட்டும். இந்தக் கடைசி வேலையை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். மேலே உள்ள குறிப்பை நான் தொலைபேசியில் படித்தபோது மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிடிக்கவில்லையோ என்று பயந்தேன்.

"எல்லாம் சரி சார். யோசித்துப் பார்த்தேன், அந்தப் பாட்டி கொடுத்தது மோர் இல்லை, நீராகாரம். நான்தான் அன்றைக்குத் தவறாகச் சொல்லிவிட்டேன்" என்றார்.

நீராகாரம் என்றே அச்சிட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் பிரதிகளைத் திருத்தும் ஒருவன்