இடது பக்கம் இடித்தால் வலது சக்கரம் ஏன் வளைகிறது என்று கேட்ட இன்ஷூரன்ஸ் கிளைம் பிரிவுக்கு

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

எங்கள் கம்பெனி மினி லாரியின் கிளைம் பற்றி நீங்கள் அனுப்பிய கடிதம் வந்தது. இடது முன்பக்கச் சேதத்தை ஏற்கிறீர்கள். வலது முன் சக்கரம், ஆக்சில், சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராடு ஆகியவை மட்டும் 'விபத்து விவரத்தோடு பொருந்தவில்லை, பழைய சேதமாக இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் படிவத்தில் விபத்து நடந்த விதத்தை எழுத இரண்டு வரி, படம் வரைய தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம். அதில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

எண்ணூர் விரைவுச் சாலை, விடியற்காலை ஐந்தே முக்கால், இருட்டு பிரியவில்லை. வண்டி எர்ணாவூர் பக்கமிருந்து காசிமேடு நோக்கித் தெற்கே வருகிறது. இடது ஓரம் முழுக்க துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையாக நிற்கின்றன, அதனால் ஓட்டுவதற்கு மீடியனை ஒட்டிய வழி ஒன்றுதான் மிச்சம். எங்கள் டிரைவர் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அதில் வருகிறார். வரிசையில் நின்ற ஒரு டிரெய்லர் இண்டிகேட்டர் போடாமல் திடீரென்று வலது பக்கம் தலையை நீட்டுகிறது. இவர் பிரேக் போட்டு ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்கிறார். தார் ரோடாக இருந்திருந்தால் ஒருவேளை தப்பியிருப்பார். ஆனால் அங்கே மீடியனை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு மணல் படிந்து கிடக்கிறது, வலது சக்கரங்கள் அதில் ஏறியதும் பிடிப்பு போய்விட்டது. டிரெய்லர் பம்பரின் வலது முனை எங்கள் வண்டியின் இடது முகப்பு விளக்கில் இடித்து, கதவுத் தூண் வரை கிழித்துவிட்டது. இடித்த வேகத்தோடு வண்டி சறுக்கிப் போய் வலது முன் சக்கரம் மீடியன் கல்லில் ஏறி நின்றது.

இடியும் ஏறலும் அடுத்தடுத்த நொடியில் நடந்தவை. இரண்டும் ஒரே விபத்து. இதைத்தான் நீங்கள் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிறீர்கள்.

பிரேக் தடம் எங்கே என்றும் கேட்டிருக்கிறீர்கள். மணலில் சறுக்கிய டயர் தாரில் கருப்புக் கோடு போடாது சார். மணலில் விழுந்த கோட்டை அடுத்த பத்து நிமிஷத்தில் வேறு வண்டிகள் அழித்துவிடும். போலீஸ் டிராஃபிக்கை விடச் சொல்லி வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். அதற்கு முன் டிரைவர் செல்போனில் எடுத்த மூன்று படங்களில் வலது சக்கரம் மீடியன் மேல் இருப்பது தெரிகிறது. டிரெய்லர் எண்ணும் புகாருக்குப் போலீஸ் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீதும் உங்கள் ஃபைலில் இருக்கின்றன. அன்றே உங்களுக்குத் தகவல் சொன்னோம், ஆனால் சர்வேயர் வந்தது நான்காம் நாள், அதுவும் ஒர்க்‌ஷாப்புக்கு. சக்கரத்தைக் கழற்றும் முன்பே பார்த்துவிட்டுப் போய்விட்டார். கழற்றிய பிறகு பார்த்திருந்தால் டை ராடு முறிந்த இடம் வெள்ளிபோல் பளிச்சென்று இருந்ததைக் கண்டிருப்பார். பழைய முறிவென்றால் அங்கே துரு ஏறி அழுக்கு அடைந்திருக்கும். டயரின் பக்கச் சுவரில் மீடியன் கல்லின் கருப்பு வெள்ளை பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. அதைவிட ஒன்று, டை ராடு முறிந்த வண்டியை அதற்கு முந்தின நாள் வரை எப்படிச் சரக்கோடு ஓட்டியிருக்க முடியும்?

வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்று முப்பத்தாறு நாள் ஆகிறது. நீங்கள் முழுசாகச் சொல்லாமல் மெக்கானிக் ரிப்பேரில் கை வைக்க மாட்டார், வைத்தால் நாளைக்கு அதையும் 'பொருந்தவில்லை' என்பீர்கள். வாடகை வண்டிக்குத் தினமும் 2,500 ரூபாய் போகிறது. அதை உங்களிடம் கேட்கவில்லை, பாலிசியில் இல்லை என்று தெரியும். ஆனால் டிரைவர், "அண்ணே, நான் ஏதோ பொய் சொன்ன மாதிரி ஆயிடுச்சே" என்கிறார். இடது முழங்காலில் தையலோடு தினமும் வந்து ஒர்க்‌ஷாப் வாசலில் அந்த வண்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பதினோரு வருஷமாக எங்களிடம் ஓட்டுகிறவர்.

டிரைவர் தவறு என்றே வைத்துக்கொண்டாலும், சொந்தச் சேதத்துக்கான பாலிசி யார் தவறு என்று பார்த்துக் கொடுப்பதில்லை. குடித்திருந்தாரா, லைசென்ஸ் இல்லையா, ஃபிட்னஸ் முடிந்ததா என்று கேளுங்கள், எல்லாவற்றுக்கும் காகிதம் இருக்கிறது. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி தேய்மானம் கழியுங்கள், அதிலும் சண்டை இல்லை.

ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அந்த ரோட்டில் நின்று பாருங்கள். எரியாத விளக்கு, பெருக்காத மணல், மைல் கணக்கில் லாரி வரிசை. வடசென்னைக்காரன் வண்டி எடுப்பதே ஒரு கிளைம்தான். ஏசி அறையில் உட்கார்ந்தால் இடது பக்கமும் வலது பக்கமும் வெகு தூரமாகத் தெரியும்போல.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: சர்வேயரை மறுபடி அனுப்புங்கள், இரண்டு பக்கச் சேதத்தையும் ஒரே விபத்தாக எழுதச் சொல்லுங்கள். கழற்றிய டை ராடு, டயர், வளைந்த டிஸ்க் எதையும் கழுவாமல் சாக்கில் கட்டி வைத்திருக்கிறோம். என்றைக்கு வருகிறார் என்று முதல் நாளே சொன்னால் மெக்கானிக்கையும் டிரைவரையும் இருக்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
மணலியில் ஒரு சிறிய பட்டறை நடத்துகிறவன்